நீர்மோர்ப் பந்தல்: ஒரு லிட்டர் தயிருக்கு எத்தனை டம்ளர்?

சித்திரை பிறந்துவிட்டால் நம் கிராமங்களில் நீர்மோர்ப் பந்தல் இல்லாத திருவிழாவே இல்லை எனலாம். தேர் ஓடும் வீதியிலும், சந்தை கூடும் திடலிலும், மே 1-ஆம் நாள் கிராம சபை கூடும் பள்ளி வளாகத்திலும் மோர் வழங்கப்படுகின்றது. பந்தல் போடுவதற்கு ஆள் உண்டு. தயிர் வாங்கித் தருவதற்கும் மனமுள்ளவர் உண்டு. ஆனால், எத்தனை பேருக்கு எவ்வளவு தயிர், ஒரு பங்கு தயிருக்கு எத்தனை பங்கு நீர் என்ற கணக்கை மட்டும் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. "கொஞ்சம் கூடக் குறைய இருக்கட்டும், தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகின்றோம். அந்த "ஊற்றிக்கொள்ளலாம்" என்ற சொல்லினால் விளையும் வருத்தத்தை நாம் நேரில் கண்டோம். அதனால்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நாம் முன்பு பணியாற்றிய வட்டாரத்தில் ஓர் ஊராட்சி. ஆயிரம் பேர் கூடும் தேர்த் திருவிழா. பந்தல் அமைத்த குழுவினர் கணக்கு ஒன்று போட்டிருந்தனர். ஒரு லிட்டர் தயிரில் நான்கு லிட்டர் நீர் ஊற்றினால் ஐந்து லிட்டர் மோர். டம்ளருக்கு 200 மில்லி வீதம் 25 டம்ளர். ஆயிரம் பேருக்கு 40 லிட்டர் தயிர் போதும். காகிதத்தில் இக்கணக்கில் பிழை கிடையாது. வகுத்தாலும் பெருக்கினாலும் சரியாகவே வரும். ஆயினும் காலை ஒன்பது மணிக்கு வழங்கத் தொடங்கிய மோர், தேர் இரண்டாம் வீதியின் முனையைத் திரும்புமுன்னரே, பதினொன்றேகால் மணி அளவில் தீர்ந்துவிட்டது. பந்தலில் நின்ற இளைஞர்கள் என் செய்வர்? பீப்பாயின் அடியில் தங்கியிருந்த மோரில் நான்கு குடம் நீரை ஊற்றி, இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி மேலும் வழங்கினர்.

தேர் கடைசியாக வந்து சேரும் தெருவில் வாழ்வோருக்கே அந்த நீர் கிடைத்தது. வடம் பிடித்துக் களைத்து வந்தவர்களும், குழந்தையை இடுப்பில் ஏந்தி வந்த பெண்களும் அதை வாங்கிக் குடித்தனர். மூதாட்டி ஒருவர் டம்ளரை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "முன்தெருவுக்கு மோரு, எங்களுக்குக் கழுநீரா சாமி?" என்று கேட்டார். பந்தலில் இருந்தோர் எவரும் அதற்கு விடை கூறவில்லை. வேண்டுமென்று செய்ததன்று, கணக்குப் பிழைதான். ஆனால், ஆண்டுதோறும் வரிசையில் கடைசியாக நிற்பவர் அதே தெருவினராக இருக்கும்போது, கணக்குப் பிழை என்று சொல்லி அவர்களை நம்பச் செய்தல் எளிதன்று.

அன்று மாலை ஊராட்சித் தலைவரும் குழுவினரும் நாமும் அமர்ந்து, பிழை எங்கே புகுந்தது என்று ஆராய்ந்தோம். முதலாவது, டம்ளர். கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிய எவர்சில்வர் டம்ளரை ஒரு லிட்டர் அளவுக் குவளையால் அளந்து பார்த்தோம். விளிம்பு வரை 250 மில்லி பிடித்தது. ஊற்றியவர்கள் தாராள மனத்துடன் 230 மில்லி அளவுக்கு ஊற்றியிருந்தனர். இரண்டாவது, ஆளுக்கு ஒரு டம்ளர் என்று எண்ணியது. வெயிலில் நடந்து வந்தவர் ஒரு டம்ளரோடு நிற்பதில்லை. பாதிப்பேராவது இரண்டாவது டம்ளர் கேட்கின்றனர். மூன்றாவது, சிந்துவதும் பீப்பாயின் அடியில் தங்குவதும் ஆகிய சேதம். நூற்றுக்கு ஐந்து பங்கு அவ்வாறு போய்விடுகின்றது.

இம்மூன்றையும் வைத்து மீண்டும் கணக்கிட்டோம். 40 லிட்டர் தயிர், 160 லிட்டர் நீர், மோரிலேயே போட்ட பனிக்கட்டி உருகியதால் ஏறத்தாழ 20 லிட்டர். ஆக 220 லிட்டர். சேதம் போக 209 லிட்டர். 230 மில்லி வீதம் ஊற்றினால் 908 டம்ளர். ஆளுக்கு ஒன்றரை டம்ளர் என்றால் 605 பேர். எஞ்சிய நானூறு பேர் குடித்தது எது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று.

எனவே நீர்மோர்க் கணக்கைத் தயிரிலிருந்து தொடங்கலாகாது. டம்ளரிலிருந்து தொடங்க வேண்டும். டம்ளர் எது, அதில் எவ்வளவு ஊற்றப் போகின்றோம், ஆளுக்கு எத்தனை டம்ளர் என்பனவற்றை முதலில் உறுதி செய்துகொண்டு, பின்னோக்கிச் சென்று தயிரின் அளவைக் காண வேண்டும்.

அடுத்த ஆண்டு அவ்வூரில் அவ்வாறே செய்தோம். 200 மில்லி பிடிக்கும் டம்ளர்களைத் தேர்ந்தோம். அதில் தளும்பாமல் ஊற்றக்கூடியது 170 மில்லி. இந்த 170 மில்லியைக் கைக்கணக்கில் விடாமல், அந்த அளவு பிடிக்கும் கரண்டி ஒன்றைக் கடையில் நீர் ஊற்றி அளந்து பார்த்தே வாங்கினோம். ஒரு கரண்டி, ஒரு டம்ளர். பந்தலில் யார் நின்றாலும், வாங்குபவர் யாராயினும் அளவு மாறாது. வேண்டுவோர் மீண்டும் வந்து வாங்கிக்கொள்ளலாம். சிறு கரண்டி ஒன்று இத்தனை பூசலைத் தீர்க்கும் என்று நாமும் முன்பு எண்ணியதில்லை.

ஆயிரம் பேருக்கு ஒன்றரை டம்ளர் வீதம் 1,500 டம்ளர். 170 மில்லி வீதம் 255 லிட்டர் மோர். சேதத்திற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் ஏறத்தாழ 268 லிட்டர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர் என்று வைத்துக்கொண்டால், மோரில் நான்கில் ஒரு பங்கு தயிர். 268-ஐ நான்கால் வகுக்க 67 லிட்டர். எளிமைக்காக 70 லிட்டர் தயிர், 210 லிட்டர் நீர், ஆக 280 லிட்டர் மோர் என்று முடிவு செய்தோம்.

இதையே சுருக்கி, மனத்தில் நிற்கும்படி ஓர் எண்ணாகவும் கொள்ளலாம். ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில், ஒரு லிட்டர் தயிர் சேதம் போக 22 டம்ளர் மோர் தரும். ஒன்றுக்கு இரண்டு என்றால் 16 டம்ளர்தான். ஒன்றுக்கு நான்கு என்றால் 27 டம்ளர். இவையெல்லாம் 170 மில்லி ஊற்றும் டம்ளருக்கே பொருந்தும். நும் ஊரில் டம்ளர் வேறு அளவாயின், மோரின் மொத்த மில்லி லிட்டரில் நூற்றுக்கு ஐந்தைக் கழித்து, ஒரு டம்ளரில் ஊற்றும் அளவால் வகுத்துக்கொள்க.

இனி, ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தை ஏன் கொண்டோம் என்று அன்பர்கள் கேட்கலாம். பந்தியில் சோற்றுக்கு ஊற்றும் மோர் வேறு. தாகத்திற்குக் குடிக்கும் நீர்மோர் வேறு. சோற்றுக்கு ஒன்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றுக்கு ஒன்றரை. அதற்கு மேல் போனால் இலையில் நில்லாது ஓடிவிடும். தாகத்திற்குக் குடிப்பது இளக்கமாக இருத்தல் வேண்டும். கெட்டியான மோரை வெயிலில் வந்தவர் அரை டம்ளரோடு வைத்துவிடுவர். பசும்பாலில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு திடப்பொருள் உள்ளது. பால் தயிராகும்போது அது குறைவதில்லை. அத்தயிரில் மூன்று பங்கு நீர் சேர்த்தால் நூற்றுக்கு மூன்று பங்கு திடப்பொருள் நிற்கும். அந்த அளவில் மோர் வெண்மையாகவும் நாவுக்குச் சுவையாகவும் உள்ளது. எருமைப் பால் இதைவிடக் கெட்டியானது. அதன் தயிர் நான்கு பங்கு நீரையும் தாங்கும். நீர் கலந்த பாலில் உறைந்த தயிரோ இரண்டரைப் பங்குக்கு மேல் தாங்குவதில்லை.

ஆகவே விகிதம் என்பது தயிரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. தயிரின் தரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. உறைந்த தயிரில் கரண்டியால் ஒரு பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தின் கரை வெட்டியது போல நின்று, அதில் நீர் மெல்ல ஊறினால் அது நல்ல தயிர். கரை சரிந்து, பள்ளம் உடனே நீரால் நிரம்பினால், அத்தயிரில் ஏற்கெனவே நீர் உள்ளது என்று அறிக. கடையில் பொட்டலத்திலும் வாளியிலும் வரும் தயிர் கிலோக் கணக்கில் விற்கப்படுகின்றது. ஒரு கிலோ தயிர் ஒரு லிட்டருக்கு மிகச் சிறிதே குறைவாக இருக்கும். நம் கணக்குக்கு இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம். ஆனால், அரைக் கிலோ என்று நாம் நினைத்து வாங்கும் பொட்டலம் 400 அல்லது 450 கிராமாக இருப்பதுண்டு. மேலே அச்சிட்டுள்ள எடையைப் படித்துப் பார்த்த பின்னரே எண்ணிக்கையைச் சொல்லுதல் நலம்.

விழாவுக்கு முந்திய நாளே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். எத்தயிரை வாங்க எண்ணுகின்றோமோ அதில் ஒரு டம்ளர் எடுத்துக் கடைந்து, இரண்டு டம்ளர் நீரும் அளவாக உப்பும் சேர்த்துச் சுவைத்துப் பார்க்க. பின் மூன்றாவது டம்ளர் நீர், பின் நான்காவது. சுவைப்பவர் நிழலில் அமர்ந்திருப்பவராக இருத்தல் கூடாது. வயலிலிருந்து வந்தவர் இருவரை அழைத்துக் கொடுப்பதே நேரிது. எந்த டம்ளரில் "இது தண்ணீராகிவிட்டது" என்று சொல்கின்றனரோ, அதற்கு ஒரு படி முன் உள்ளதே நும் விகிதம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. புளித்த தயிர் அதிக நீரைத் தாங்குவது போலத் தோன்றும். ஐந்து பங்கு நீர் ஊற்றியும் நாக்கில் புளிப்பு நிற்பதால், மோர் சரியாக இருக்கின்றது என்று மயங்குவோம். உண்மையில் அதில் புளிப்பு மிகுந்ததே அன்றித் திடப்பொருள் மிகவில்லை. அதைக் குடிப்பவர்க்குக் கிடைப்பது புளித்த நீரே. புளிப்பை மறைக்க உப்பைக் கூட்டுவர். உப்பு கூடினால் தாகம் கூடும். முதலாண்டு நிகழ்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. முன்னிரவு எட்டு மணிக்கே பெரிய அண்டாவில் உறை ஊற்றிய தயிர், காலை பத்து மணிக்குள் கடும் புளிப்பு ஏறிவிட்டது.

சித்திரை மாதத்து இரவில் பால் ஐந்து, ஆறு மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழியில் பத்து மணி நேரமும் ஆகும். உறைந்த பின் நேரம் செல்லச் செல்லப் புளிப்பே ஏறும். ஆதலின் காலை ஒன்பது மணிக்கு வழங்கத் தொடங்குவதாயின், இரவு பதினொரு மணிக்கு முன் உறை ஊற்றலாகாது. நண்பகலுக்கு வேண்டிய பகுதியை இரவு ஒரு மணிக்கு உறை ஊற்றுவதே தகும். பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி புதுத் தயிர் விட்டுக் கலக்க வேண்டும். சூடு மிகுந்திருந்தால் தயிர் நூல் பிரிந்து நீர் விடும். ஒரே அண்டாவில் எழுபது லிட்டரையும் உறைய வைப்பதினும், பத்து லிட்டர் பாத்திரங்கள் ஏழில் வைப்பது நல்லது. பெரிய அண்டாவின் நடுப்பகுதி விரைவில் ஆறுவதில்லை. அங்கே புளிப்பு முந்திக்கொள்ளும். அன்றியும் பந்தலுக்குத் தூக்கிச் செல்லும்போது தயிர் உடைந்து நீர் பிரியும்.

மோரில் நான்கில் மூன்று பங்கு நீர் என்பதை மறத்தல் கூடாது. நீர்மோரின் தரம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி நீரின் தரமே. மோர் புளிப்பாதலின் நீரிலுள்ள கிருமிகள் மாண்டுவிடும் என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. தயிரில் உள்ள புளிப்பு, மூன்று பங்கு நீர் சேர்ந்தபின் கிருமியைக் கொல்லும் அளவில் இருப்பதில்லை. கிணற்று நீரையோ லாரி நீரையோ அப்படியே ஊற்றிய ஒரு பந்தலால் ஓர் ஊர் முழுவதும் வயிற்றுப்போக்கு வரக்கூடும். மேல்நிலைத் தொட்டியின் நீரில் குளோரின் சேர்க்கப்பட்டிருக்கின்றதா என்பதைத் தொட்டி இயக்குபவர் சோதனைக் குழாயில் மருந்துத் துளி விட்டு, மஞ்சள் நிறம் வருகின்றதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார். குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமேனும் இருத்தல் வேண்டும். அன்று காலையில்தான் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் மோரில் அதன் வாடை ஏறும். முந்திய மாலையே நீரைப் பிடித்து, தூய துணியால் வாய் கட்டி வைத்தால் வாடை போய்விடும், நீரும் குளிர்ந்திருக்கும். குளோரின் இல்லாத ஊராயின் காய்ச்சி ஆறவைப்பதன்றி வேறு வழி இல்லை. 210 லிட்டர் நீரைக் காய்ச்சுவது பெரும் பணியே. ஆனால் பந்திக்குச் சோறாக்கும் அண்டாவும் அடுப்பும் உள்ள ஊரில் முடியாததன்று.

பனிக்கட்டி பற்றியும் ஒரு சொல். மீன் பாதுகாக்கச் செய்யும் பனிக்கட்டி குடிநீரில் செய்ததாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அது வரும் சாக்கும் வண்டியும் எத்தகையன என்பதை யாவரும் அறிவர். அதை மோரில் போடலாகாது. அகன்ற தொட்டியில் பனிக்கட்டியைப் பரப்பி, அதன் நடுவே மோர்ப் பாத்திரத்தை வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும், விகிதமும் கெடாது. குடிநீர்ப் பனிக்கட்டியே கிடைத்து மோரில் போடுவதாயின், ஒரு கிலோ பனிக்கட்டி ஒரு லிட்டர் நீராகும் என்று கொண்டு, அந்த அளவு நீரை முதலிலேயே குறைத்து ஊற்றுக.

பாத்திரம் எவர்சில்வராக இருத்தல் நலம். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் மோரை வைத்தால் களிம்பு ஏறும். நம் உழவர் வீடுகளில் நீல நிறப் பீப்பாய்கள் பல உள்ளன. அவற்றில் முன்பு என்ன மருந்து இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை முறை கழுவினும் அவை மோருக்கு ஆகா.

கலக்கும் முறைக்கு வருவோம். தயிரில் நேரே நீரை ஊற்றிக் கலக்கினால் கட்டிகள் சிதறி மிதக்கும். எத்தனை நேரம் துழாவினாலும் கரையா. முதலில் தயிரை மட்டும் மத்தினால் கடைந்து மாவு போல ஆக்கிக்கொண்டு, ஒரு பங்கு நீர் சேர்த்து மீண்டும் கடைந்து, பின்னரே மீதி இரண்டு பங்கையும் ஊற்ற வேண்டும். கடையும்போது எழும் நுரையை அளவில் சேர்க்கலாகாது. பீப்பாயில் கோடு போட்டு அளப்பவர்கள், நுரை அடங்கிய பின் பார்ப்பார்களாக. குடத்தால் அளப்பவர்கள், அந்தக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கின்றது என்பதை ஒருமுறை லிட்டர் குவளையால் அளந்துகொள்ளுதல் அவசியம். ஒரே தெருவில் உள்ள இரண்டு குடங்கள் கூட ஓரளவாக இருப்பதில்லை.

உப்பைத் தயிரின் அளவுக்குப் போடலாகாது; ஆன மோரின் அளவுக்கே போட வேண்டும். லிட்டருக்கு ஐந்து கிராம் தகும். 280 லிட்டருக்கு ஒரு கிலோ 400 கிராம். உப்பை முன்னதாக நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றினால் மணலும் தங்கிவிடும், அளவும் எங்கும் ஒன்றாக நிற்கும். உப்புச் சேர்க்காத மோர் ஒரு சிறு பானையில் தனியே இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் கேட்பார்கள். இஞ்சி ஏறத்தாழ 700 கிராம், பச்சை மிளகாய் 400 கிராம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, சிறிது பெருங்காயம் ஆகியவற்றை அரைத்து, துணியில் வடித்த சாற்றை மட்டும் சேர்த்தோம். நறுக்கிப் போட்டால் சிலருக்கு மிளகாயும் சிலருக்கு வெறும் மோரும் போகும். குழாய் வைத்த பாத்திரமாயின் குழாயும் அடைக்கும். கடுகு தாளித்துக் கொட்டுவது வீட்டில் சுவை. பந்தலில் எண்ணெய் மிதப்பதோடு சரி.

இவ்வளவும் செய்தபின் ஒரு செய்தியை மறந்தால் எல்லாம் வீணாகும். இளக்கமான மோர் நெடுநேரம் கலந்தபடி நில்லாது. சற்று நேரம் அசையாது வைத்தால் வெண்மையெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். மேலிருந்து கரண்டியால் மொண்டு ஊற்றினால் முதலில் வருவோருக்கு நீர் போகும். அடியில் குழாய் வைத்த பாத்திரமாயின் முதலில் வருவோருக்குக் கெட்டி மோரும் கடைசியில் வருவோருக்கு வெறும் நீரும் போகும். முதலாண்டு பந்தலில் குழாய்ப் பீப்பாய்தான் இருந்தது. ஆகையால், பிற்பாடு ஊற்றிய நான்கு குடம் நீருக்கு முன்னரே, கடைசித் தெருவினர் பங்கு இளகத் தொடங்கிவிட்டது. இதற்கு மருந்து துடுப்புதான். நீண்ட மரத் துடுப்பு ஒன்றை வைத்து, ஒருவரை அதற்கென்றே நிறுத்தி, பத்து டம்ளருக்கு ஒருமுறை அடிவரை துழாவச் செய்ய வேண்டும். அப்பணியை ஊற்றுபவரிடமே விட்டால் நெரிசலில் மறந்துவிடுவார்.

எல்லாத் தயிரையும் ஒரே வேளையில் கலந்துவிடுவதும் வேண்டா. கலந்த மோரை வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும்; கலக்காத தயிரை நிழலில் ஈரத்துணி சுற்றி அதைவிட நெடுநேரம் வைக்கலாம். எழுபது லிட்டரை மூன்றாகப் பிரித்தோம். ஒன்பது மணிக்கு 25 லிட்டர், பத்தரைக்கு 25 லிட்டர், கடைசித் தெருவைத் தேர் அடையும்போது 20 லிட்டர். இக்கடைசிப் பகுதியைத் தேர் அத்தெருவில் திரும்பும் வரை தொடலாகாது என்று குழுவில் முடிவு செய்து, அப்பாத்திரங்களை அத்தெருப் பெரியவர் ஒருவரின் பொறுப்பிலேயே விட்டோம். எதிர்பாராத கூட்டம் வந்தால் ஒன்றுக்கு நான்கு வரை இளக்கலாம், அவ்வாறு செய்வதாயின் எல்லாப் பகுதிக்கும் ஒன்றாகச் செய்தல் வேண்டும், நான்கைத் தாண்டலாகாது, தாண்ட நேர்ந்தால் மோர் தீர்ந்தது என்று சொல்லிவிட்டுக் குடிநீர் தருக என்று முன்னரே பேசிக்கொண்டோம். மோர் என்ற பெயரில் நீரைத் தருவதைவிட நீரை நீர் என்றே தருவது மேல் என்று தலைவர் கூறியதை அனைவரும் ஏற்றனர்.

டம்ளர் கழுவுவதற்கு வேண்டிய நீர் தனிக்கணக்கு. 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் தடை செய்யப்பட்டுள்ளன. எவர்சில்வர் டம்ளர் 150 இருந்தால், கழுவுபவர் மூவர் போதும். ஒரு தொட்டியில் நனைத்து எடுத்தால் போதாது; தேய்க்க ஒன்றும் அலச ஒன்றுமாக இரண்டு தொட்டி வைத்து, இறுதியில் குழாய் நீரில் காட்ட வேண்டும்.

அவ்வாண்டு தேர் நிலைக்கு வந்தபோது பிற்பகல் ஒரு மணி. கடைசித் தெருவில் 20 லிட்டரில் 14 லிட்டர் தயிர் கலந்து வழங்கப்பட்டிருந்தது. 6 லிட்டர் கலக்காமல் மீந்தது. ஆக 64 லிட்டர் செலவு. 22 டம்ளர் வீதம் சற்றேறக்குறைய 1,400 டம்ளர். முந்திய ஆண்டு கேள்வி கேட்ட மூதாட்டி இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார். மீந்த தயிரைப் பந்தல் கட்டியவர்களும் டம்ளர் கழுவிய பெண்களும் அங்கேயே மதியச் சோற்றுக்கு ஊற்றிக்கொண்டனர்.